24 ஆண்டுக்குக் கடிகாரம், 25 ஆண்டுக்குச் சவரன்: பணிக்காலப் பரிசில் நியாயம் எது?

பணிக்காலப் பரிசு என்பது ஒரு நிறுவனத்தில் குறிப்பிட்ட ஆண்டுகளை நிறைவு செய்த ஊழியருக்குத் தரப்படும் பொருள் அல்லது அதற்கு ஈடான தொகை. போனஸ் லாபத்தையும் உற்பத்தியையும் ஒட்டியது. ஊக்கத்தொகை திறமையை ஒட்டியது. பணிக்காலப் பரிசு காலத்தை மட்டுமே அளக்கிறது. பெரும்பாலான நிறுவனங்களில் இந்தப் பரிசுத் திட்டம் உட்கார்ந்து வகுக்கப்படுவதில்லை. ஓர் ஆண்டு விழாவில் மூத்த ஊழியர் ஒருவருக்குத் தங்க நாணயம் தரப்படும். அடுத்த ஆண்டு வேறொருவர் அதே காலத்தை எட்டுவார். நான்கைந்து ஆண்டுகளில் அது வழக்கமாகிவிடும். எழுதப்படாத அந்த வழக்கத்தில்தான் மனக்குறைகள் தொடங்குகின்றன.

அத்தகைய வழக்கம் எங்கே பிசகுகிறது, அதை எப்படிச் சீரமைப்பது என்பதை 240 பேர் வேலை செய்யும் ஒரு பம்ப் தொழிற்சாலையை மாதிரியாகக் கொண்டு பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. கணக்கு முறை எந்த நிறுவனத்துக்கும் ஒன்றே. அங்கே 5 ஆண்டு நிறைவடையாதவர்கள் 96 பேர். 5 முதல் 9 ஆண்டு வரை நிறைவு செய்தவர்கள் 58, 10 முதல் 14 வரை 38, 15 முதல் 19 வரை 24, 20 முதல் 24 வரை 15, 25 முதல் 29 வரை 9 பேர். இதுவரை இருந்த வழக்கப்படி 10 ஆண்டு முடித்தவருக்கு 2,000 ரூபாய் கைக்கடிகாரம். 25 ஆண்டு முடித்தவருக்கு ஒரு சவரன் தங்கம். இடையில் எதுவும் இல்லை.

பழைய வழக்கின் பிசகு

முதல் பிசகு, ஒரே ஓர் ஆண்டுக்குக் கிடைக்கும் அளவுக்கு மீறிய எடை. சென்னையில் ஒரு சவரன் விலை 2025 அக்டோபரில் 90,000 ரூபாயைத் தாண்டியது. 58 வயதில் ஓய்வு பெறும் தொழிற்சாலையில் 35 வயதில் சேர்ந்த ஒருவர் 23 ஆண்டுதான் வேலை பார்க்க முடியும். அவருக்கு ஆயுள் முழுவதற்கும் கடிகாரம் மட்டுமே. 33 வயதில் சேர்ந்தவர் சவரனை வாங்கிவிடுவார். குழந்தைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு வேலைக்கு வரும் பெண்கள், சொந்தத் தொழிலை விட்டுவிட்டுப் பின்னாளில் சேர்ந்தவர்கள் ஆகியோருக்கு இத்திட்டம் சேர்ந்த நாளிலேயே கதவை மூடிவிடுகிறது.

இரண்டாவது பிசகு செலவுக் கணக்கில் வெளிப்படும். 20 முதல் 24 வரையுள்ள 15 பேரும் அடுத்த ஐந்தாண்டுகளில் 25ஐ எட்டுவார்கள். ஆண்டுக்குச் சராசரி மூவர். மூன்று சவரனுக்கு 2,70,000 ரூபாய். 10 ஆண்டை எட்டுவோர் ஆண்டுக்கு ஏறக்குறைய 12 பேர். கடிகாரங்களுக்கு 24,000 ரூபாய். ஆக மொத்தச் செலவு 2,94,000 ரூபாய். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மூன்று பேருக்குப் போகிறது. நிர்வாகம் கருமித்தனம் செய்யவில்லை. பணம் ஒரே இடத்தில் குவிந்துகிடக்கிறது, அவ்வளவே.

எதை அளப்பது

திட்டம் வகுப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, பரிசு பதவிக்கும் சம்பளத்துக்கும் ஏற்ப மாறுமா என்பதை. சம்பளத்தையும் பணிக்காலத்தையும் சேர்த்து மதிக்கும் ஏற்பாடு சட்டத்திலேயே இருக்கிறது. அதுதான் பணிக்கொடை. 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த சூத்திரப்படி, நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் கணக்கிடப்படுகிறது. சம்பளம் கூடியவருக்குப் பணிக்கொடையும் கூடும். பரிசும் அதே வழியில் போனால் அது இரண்டாவது பணிக்கொடையாகிவிடும். பரிசுக்கென்று தனி வேலை இருக்க வேண்டுமானால், மேலாளருக்கும் ஹெல்பருக்கும் ஒரே ஆண்டுக்கு ஒரே மதிப்பு என்பதே பொருந்தும். சட்டப்படி வர வேண்டிய பணிக்கொடைக்கோ போனஸுக்கோ இந்தப் பரிசை ஈடாகக் காட்டவும் முடியாது.

அதே காரணத்தால் மேற்பார்வையாளரின் சிபாரிசு, வருகைப்பதிவின் நேர்த்தி, பழைய மெமோ ஆகியவற்றை இதில் சேர்க்கக் கூடாது. அவற்றுக்கு வேறு பரிசுகளும் வேறு நடவடிக்கைகளும் உண்டு. விருப்பத்தின்படி கூட்டவும் குறைக்கவும் முடிகிற பரிசு, காலத்தை அளப்பதை விட்டுவிட்டு மேலதிகாரியின் மனநிலையை அளக்கத் தொடங்கிவிடும்.

ஆண்டை எண்ணுவது

பத்தாண்டு என்றால் எந்த நாளிலிருந்து? இந்தக் கேள்வியில்தான் அதிகச் சண்டை வரும். பயிற்சியாளராகச் சேர்ந்து ஓராண்டு கழித்து நிரந்தரமானவருக்கு இரண்டு தேதிகள் இருக்கின்றன. ஒப்பந்தக்காரர் மூலம் மூன்று ஆண்டு வேலை செய்த பிறகு நேரடி ஊழியரானவருக்கும் அப்படியே. தொழிற்சாலைக்குள் வேலை தொடங்கிய முதல் நாளிலிருந்து எண்ணுவது ஊழியர் மனதில் இருக்கும் கணக்கோடு ஒத்துப்போகும். இது பரிசுக்கு மட்டுமான கணக்கு, மற்ற உரிமைகளுக்குப் பொருந்தாது என்று விதியிலேயே எழுதிவிட்டால் நிர்வாகத்துக்கும் சிக்கல் இல்லை.

விடுப்புகளை எப்படி எண்ணுவது என்பதற்குப் பணிக்கொடைச் சட்டத்தில் உள்ள தொடர்பணி விளக்கத்தையே அடிப்படையாகக் கொள்ளலாம். நோய், விபத்து, லே-ஆஃப் போன்றவற்றால் வேலை நின்ற காலம் அங்கே தொடர்ச்சியைக் குலைப்பதில்லை. மகப்பேறு விடுப்பும் அவ்வாறே. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு அது 26 வாரம். அதைக் கழித்துவிட்டு ஆண்டை எண்ணினால், இரண்டு குழந்தை பெற்ற பெண்ணின் பத்தாண்டு பதினோராவது ஆண்டில்தான் நிறைவடையும். அரை நேர ஊழியருக்கும் நாட்காட்டி ஆண்டையே எண்ண வேண்டும். மணிநேரக் குறைவு சம்பளத்தில் ஏற்கெனவே பிடிக்கப்பட்டுவிட்டது. வேலையை விட்டுப் போய்த் திரும்பி வந்தவருக்கு இரண்டு காலங்களையும் கூட்டி, இடைவெளியை மட்டும் விட்டுவிடுவது எளிய வழி.

பரிசு வழங்கும் நாளும் தகுதி நாளும் வேறு வேறு. விழா ஆயுத பூஜையன்றோ ஆண்டு விழாவிலோ நடக்கலாம். ஆனால் அந்த ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை இலக்கு ஆண்டை நிறைவு செய்யும் எல்லோரும் அந்த விழாவிலேயே பெற வேண்டும். இல்லாவிட்டால் விழாவுக்கு மறுநாள் பத்தாண்டை முடிப்பவர் கிட்டத்தட்ட பதினொன்றாவது ஆண்டு வரை காத்திருப்பார். விழாவுக்கு முன்பே ஓய்வு பெறுபவருக்குக் கடைசி வேலை நாளில் கொடுத்துவிட வேண்டும்.

படிகளை அமைப்பது

மாதிரித் தொழிற்சாலையின் நிர்வாகம் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்குள் செலவு நிற்க வேண்டும் என்கிறது. பழைய செலவும் ஏறக்குறைய அதுவே. ஐந்தாண்டுக்கு ஒரு படி. ஒவ்வொரு படியிலும் பரிசின் மதிப்பு, அதுவரை செய்த மொத்த ஆண்டுகளை ஒரு நிலையான தொகையால் பெருக்கிய அளவு. அந்தத் தொகை எவ்வளவு என்பதைப் பட்ஜெட்டிலிருந்து பின்னோக்கிக் கண்டுபிடிக்கலாம்.

ஒவ்வொரு படிக்கும் முந்தைய பிரிவில் உள்ளவர்களை ஐந்தால் வகுத்தால், ஆண்டுக்கு எத்தனை பேர் அப்படியை எட்டுவார்கள் என்பது தோராயமாகத் தெரியும். 5 ஆண்டுப் படிக்கு 19 பேர், 10க்கு 12, 15க்கு 8, 20க்கு 5, 25க்கு 3, 30க்கு 2. இந்த எண்களைப் படியின் ஆண்டுகளால் பெருக்கிக் கூட்டினால் 570 வருகிறது. மூன்று லட்சத்தை 570ஆல் வகுத்தால் 526 ரூபாய். அதை 500 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுச் செலவு 2,85,000 ரூபாய். இடையில் வேலையை விடுபவர்களைக் கழிக்காத கணக்கு இது. ஆகவே ஆள் எண்ணிக்கை பெருகாத வரை நடைமுறைச் செலவு இதைவிடக் குறையவே வாய்ப்பு.

பரிசு மதிப்புகள் இப்படி அமைகின்றன:

- 5 ஆண்டு: 2,500 ரூபாய்
- 10 ஆண்டு: 5,000 ரூபாய்
- 15 ஆண்டு: 7,500 ரூபாய்
- 20 ஆண்டு: 10,000 ரூபாய்
- 25 ஆண்டு: 12,500 ரூபாய்
- 30 ஆண்டு: 15,000 ரூபாய்

பழைய முறையில் ஆண்டுக்கு 15 பேர் பெற்ற இடத்தில், செலவு கூடாமலேயே 49 பேர் பெறுகிறார்கள். நியாயத்தைச் சோதிக்க இன்னொரு கணக்கும் போட வேண்டும்: ஒவ்வோர் ஐந்தாண்டுப் பகுதியிலும் ஓர் ஆண்டின் மதிப்பு என்ன? முதல் ஐந்தாண்டில் 500 ரூபாய், அடுத்ததில் 1,000, பிறகு 1,500, 2,000, 2,500, 3,000. காலம் ஏற ஏற மதிப்பும் ஏறுகிறது, எங்கும் இறங்கவில்லை, எந்த ஏற்றமும் முந்தைய ஏற்றத்தைவிடப் பெரிதாக இல்லை. பழைய முறையில் இதே கணக்கு, முதல் பத்தாண்டில் ஆண்டுக்கு 200 ரூபாய், அடுத்த பதினைந்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை என்று வரும்.

படிக்கு நடுவில் முடிபவர்கள்

ஐந்தாண்டுப் படிகள் வைத்தாலும் 23ஆம் ஆண்டில் ஓய்வு பெறுபவருக்குக் கடைசி மூன்று ஆண்டுகள் வீணாகின்றன. ஆண்டு மதிப்பு கையில் இருப்பதால் இதைத் தீர்ப்பது சுலபம். அவர் 20 ஆண்டு வரை நான்கு பரிசுகளாக 25,000 ரூபாய் மதிப்பைப் பெற்றிருப்பார். 20க்கும் 25க்கும் இடைப்பட்ட ஆண்டின் மதிப்பு 2,500 ரூபாய் என்பதால், மூன்று ஆண்டுக்கு 7,500 ரூபாய் ஓய்வு நாளில் சேரும். மொத்தம் 32,500. 24 ஆண்டில் ஓய்வு பெறுபவருக்கு 35,000. 25 முடித்தவருக்கு 37,500. பழைய முறையில் 90,000 ரூபாயாக இருந்த பள்ளம் 2,500 ரூபாய்ப் படியாகச் சுருங்கிவிட்டது.

இந்தப் பங்கு யாருக்கு என்பதை வரையறுக்க வேண்டும். ஓய்வு, பணியில் இருக்கும்போது மரணம், உடல்நலக் குறைவால் விலகல், ஆட்குறைப்பு ஆகிய நான்கும் ஊழியரின் விருப்பத்துக்கு வெளியே நடப்பவை. அவற்றுக்குத் தர வேண்டும். தானாக வேறு வேலைக்குப் போகிறவருக்குத் தர வேண்டியதில்லை. மரணத்தில், பணிக்கொடைக்கு நியமிக்கப்பட்ட வாரிசுக்கே இதுவும் சேரும் என்று எழுதிவிட்டால் குடும்பத்தில் குழப்பம் வராது.

பழையதிலிருந்து புதியதற்கு

திட்டங்கள் பெரும்பாலும் உடைவது இந்த இடத்தில். காகிதத்தில் நியாயமான புதிய திட்டம், தொடங்கும் நாளில் ஏற்கெனவே பல ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கு அநியாயமாக முடியலாம்.

மாதிரித் தொழிற்சாலையில் 24 ஆண்டு முடித்த மூவர் அடுத்த ஆண்டு சவரன் வரும் என்று காத்திருக்கிறார்கள். மகள் திருமணத்துக்கு அதைக் கணக்கில் வைத்திருப்பவரும் அவர்களில் இருக்கக்கூடும். அவர்களிடம் 12,500 ரூபாயை நீட்டினால் திட்டம் முதல் நாளே தோற்றுவிடும். 20க்கு மேற்பட்ட எல்லோருக்கும் சவரன் என்று அறிவித்தாலோ, 20 ஆண்டு முடித்தவருக்கும் 19 ஆண்டு முடித்தவருக்கும் நடுவில் பழைய பள்ளம் இடம்மாறி வந்து நிற்கும். சரிவாகக் குறைப்பதே வழி. 24 ஆண்டு முடித்தவர் 25ஐ எட்டும்போது 90,000 ரூபாய் மதிப்பு. 23 முடித்தவருக்கு 75,000. பிறகு 60,000, 45,000, 30,000. 19 முடித்தவரிலிருந்து புதிய விதியின் 12,500. ஒவ்வோர் ஆண்டுக்கும் மூவர் என்று கொண்டால் இதற்கு ஐந்தாண்டில் ஒன்பது லட்சம் ஆகும். புதிய விதிப்படி எப்படியும் ஆகியிருக்கும் 1,87,500 ரூபாயைக் கழித்தால் கூடுதல் சுமை 7,12,500 ரூபாய். அதுவும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வரும்.

அடுத்தது, படியைக் கடந்தும் எதுவும் பெறாதவர்கள். 6 ஆண்டு முடித்தவருக்கு 5 ஆண்டுப் பரிசு இல்லை. அவர் பத்தாண்டு வரை காத்திருப்பார். அவருக்குப் பின்னால் சேர்ந்து 4 ஆண்டு முடித்தவரோ அடுத்த ஆண்டே வாங்குவார். இளையவர் மூத்தவரை முந்தும் இந்த நிலையைத் தவிர்க்க, கடைசியாகக் கடந்த ஒரு படிக்கு மட்டும் பரிசு தரலாம். 5 முதல் 9 வரையுள்ள 58 பேருக்கு 2,500 வீதம் 1,45,000 ரூபாய். 10 முதல் 14 வரையுள்ள 38 பேருக்குக் கடிகாரத்தின் 2,000ஐக் கழித்து 3,000 வீதம் 1,14,000. 15 முதல் 19 வரையுள்ள 24 பேருக்கு 7,500 வீதம் 1,80,000. மொத்தம் 4,39,000 ரூபாய். இதை மூத்தவர்களிலிருந்து தொடங்கி இரண்டு ஆண்டில் பிரித்துத் தரலாம். சவரன் பெற்றுவிட்ட ஒன்பது பேருக்கு 30 ஆண்டுப் படியில் புதிய பரிசு வரும்.

மாற்றத்துக்கான ஒருமுறைச் செலவு இப்படியாக 11.5 லட்சம், அதாவது வழக்கமான நான்கு ஆண்டுச் செலவுக்குச் சமம். இதை முன்கூட்டியே ஒதுக்காமல் தொடங்கும் நிறுவனம் இரண்டாம் ஆண்டில் திட்டத்தை நிறுத்த நேரிடும்.

மதிப்பு தேயாமலும் ஓடாமலும்

தங்கத்தைக் கிராமில் வாக்களிப்பது நிறுவனத்துக்கு ஆபத்து. 2015இல் ஒரு சவரன் சுமார் 20,000 ரூபாய். பத்தாண்டில் அது நான்கு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. சம்பளங்கள் அந்த வேகத்தில் ஏறவில்லை. நிர்வாகம் கடைசியில் எடையைக் குறைக்கும். முன்னே வாங்கியவருக்கு எட்டு கிராம், பின்னே வந்தவருக்கு நான்கு என்று புதிய குறை முளைக்கும். மறுபுறம், ரூபாயில் நிறுத்திவிட்டால் விலைவாசி அதைத் தின்றுவிடும். ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால், இன்றைய 5,000 ரூபாயின் மதிப்பை வைத்துக்கொள்ளப் பத்தாண்டு கழித்து 8,950 ரூபாய் வேண்டும்.

தொழிற்சாலைகளில் பஞ்சப்படியைக் கணக்கிட உதவும் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணே இதற்கும் போதும். அடிப்படையான 500 ரூபாயை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அந்தக் குறியீட்டின்படி உயர்த்தினால் எல்லாப் படிகளும் ஒரே விகிதத்தில் உயரும். தங்கம் வேண்டுமென்போர், அன்றைய விலையில் தங்கள் மதிப்புக்கு ஈடான நாணயத்தைப் பெறலாம்.

பொருளா, பணமா

ஒரே மதிப்புக்குள் ஊழியரே தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு பல சிக்கல்களைத் தவிர்க்கும். எல்லோருக்கும் குத்துவிளக்கு என்றால் எல்லா வீட்டிலும் அது பொருந்தாது. மூன்றாவது குக்கர் யாருக்கும் தேவையில்லை. நாணயம், வீட்டுப் பொருள், கடைக் கூப்பன் என மூன்று நான்கு தேர்வுகள் போதும். மதிப்பைக் கணக்கிடும்போது ஜி.எஸ்.டி.யும் நாணயத்தின் செய்கூலியும் உட்பட நிறுவனம் செலுத்திய முழு விலையையே எடுக்க வேண்டும். அப்போதுதான் எதைத் தேர்ந்தாலும் சமம்.

வரியில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. ரொக்கமாகத் தந்தால் அது சம்பளத்தோடு சேர்ந்து முழுவதும் வரிக்கு உட்படும். பொருளாகவோ கூப்பனாகவோ தந்தால், 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகள் ஓர் ஆண்டில் மொத்தம் 5,000 ரூபாய்க்கு உட்பட்ட பரிசுக்கு வரி விதிக்கவில்லை. தீபாவளிக்குத் தந்த பரிசும் அதே வரம்புக் கணக்கில்தான் வந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியது 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், வரம்பை அதன்கீழான விதிகளோடு ஒப்பிட்டே பரிசைத் திட்டமிட வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தில், ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை தரும் பரிசு வழங்கலாகக் கருதப்படுவதில்லை. ஆனால் பரிசாகத் தந்த பொருளுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக நிறுவனம் திரும்பப் பெற முடியாது.

பிரிட்டனின் வரிச் சட்டம் பணிக்காலப் பரிசுக்கென்றே தனி அளவுகோல் வைத்திருக்கிறது. குறைந்தது 20 ஆண்டுப் பணி, ஆண்டுக்கு 50 பவுண்டு வரை, முந்தைய பத்தாண்டில் இதே போன்ற பரிசு பெற்றிருக்கக் கூடாது, ரொக்கமாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டால் வரி இல்லை. ஆண்டுக்கு இவ்வளவு என்ற அளவுதான் அங்கும் அடிப்படை.

எழுதி ஒட்டுவது

திட்டம் இரண்டு பக்கத்துக்குள் தமிழில் எழுதப்பட்டுத் தகவல் பலகையில் இருக்க வேண்டும். தகுதி, எண்ணும் முறை, படிகள், ஓய்வுப் பங்கு, மாற்ற விதி, உயர்வு விதி ஆகிய ஆறும் அதில் அடங்கும். பரிசு நாளுக்கு இரண்டு மாதம் முன்பு, சேர்ந்த தேதியுடன் கூடிய பெயர்ப் பட்டியலை ஒட்டி, ஆட்சேபணைக்கு ஒரு மாத அவகாசம் தர வேண்டும். பி.எஃப். கணக்கில் உள்ள தேதியும் பழைய மஸ்டர் ரோலில் உள்ள தேதியும் ஒத்துப்போகாத ஊழியர்கள் அப்போதுதான் தெரியவருவார்கள். பதிவேடுகள் முரண்பட்டால் முந்தைய தேதியையே ஏற்பது என்ற விதியும் எழுத்தில் இருந்தால், தீர்ப்பு ஆளுக்கு ஆள் மாறாது.

திட்டம் சரியாக நடக்கிறதா என்பதை ஆண்டுதோறும் வரும் ஆட்சேபணைகளே காட்டும். தேதியைப் பற்றிய ஆட்சேபணை பதிவேட்டைத் திருத்தினால் தீரும். பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இருவருக்கு நடுவே பரிசு ஏன் இவ்வளவு மாறுகிறது என்ற கேள்வி வந்தால், விதியில் எங்கோ ஒரு பள்ளம் மிச்சமிருக்கிறது. அந்த இடத்தில் ஆண்டின் மதிப்பை மறுபடி கணக்கிட்டுப் படியைச் சரிசெய்ய வேண்டும்.